‘ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க’ என்று இனிக் கேட்காதீர்கள்

வீட்டிலிருந்தே விற்பனை செய்யும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழியருக்கு,

அடுப்படியில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பவர்கள், இளம்பிள்ளையிலிருந்தும் சின்னாளப்பட்டியிலிருந்தும் சேலை எடுத்து வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர்கள், ஆரி வேலை செய்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்கள், மசாலாப் பொடி அரைத்துப் பொட்டலம் போடுபவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களைப் போன்ற சிலருக்கு மாதக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. நோட்டில் சரக்கு போனதாக எழுதியிருக்கும். வங்கிக் கணக்கில் அதற்கான வரவு இருக்காது. அந்த வரியைச் சுட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாங்களே.”

அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த மடல். உங்களை ஏமாற்றியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர்களிடம் பேசிப் பயனில்லை. உங்களிடம் பேசினால் பயனுண்டு. நீங்கள் உழைப்பில் குறை வைப்பவர்கள் இல்லை; ஒரு கிலோ உளுந்துக்கு எத்தனை முறுக்கு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள். பணம் வரும் இடத்தில் மட்டும், வந்ததா இல்லையா என்ற முடிவை எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அதைத் திரும்ப உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

முதலில் ஓர் அடிப்படையை மனத்தில் நிறுத்துங்கள். ஜிபே, போன்பே, பேடிஎம் எதுவானாலும் அடியில் ஓடுவது யுபிஐ என்ற ஒரே வழிதான். அந்த வழியில் பணம் பெறுபவர் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. உங்கள் எண்ணையோ க்யூஆர் கோடையோ கொடுத்துவிட்டால் உங்கள் பங்கு முடிந்தது. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும், போன் அணைந்திருந்தாலும் பணம் கணக்குக்கு வந்து சேரும். பின் நம்பர் போடுவது, எதையாவது ஸ்கேன் செய்வது, ‘சம்மதம்’ என்று அழுத்துவது எதுவும் பணம் பெறுபவருக்கு இல்லை. நான்கு அல்லது ஆறு இலக்க யுபிஐ பின் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கும், இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் உள்ளே வருவதற்குப் பின் கேட்கும் திரை எங்கும் கிடையாது.

இந்த ஒன்றை வைத்தே நடக்கும் மோசடிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஒன்றில், பணம் வாங்குவதற்காக உங்களை ஏதோ செய்யச் சொல்வார்கள். மற்றொன்றில், வராத பணத்தை வந்ததாக நம்பச் சொல்வார்கள்.

முதல் வகை எப்படி நடக்கிறது என்பதை, ஒரு தோழிக்கு நேர்ந்ததை வைத்தே சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம். முறுக்கு, அதிரசம், தட்டை எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய்க்கு ஆர்டர் சொல்லி ஒருவர் அழைக்கிறார். ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்கிறார். சீருடை அணிந்த படமும் அடையாள அட்டைப் படமும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. விலையில் பேரம் இல்லை. பாதித் தொகையான 3,200 ரூபாயை முன்பணமாக உடனே போடுவதாகச் சொல்கிறார். “எங்க கேம்ப் கணக்கு முறை வேற மேடம். முதல்ல ஒரு ரூபாய் அனுப்புறேன், வந்துச்சான்னு சொல்லுங்க” என்கிறார். ஒரு ரூபாய் நிஜமாகவே வருகிறது. மனம் இளகுவது அந்த இடத்தில்தான்.

அடுத்து திரையில் 3,200 ரூபாய் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. “அதைத் திறந்து ஓகே பண்ணுங்க, பணம் உங்க கணக்குல ஏறிடும்” என்கிறார். அழைப்பைத் துண்டிக்க விடுவதில்லை; பேசிக்கொண்டே இருக்கிறார். தோழி திறக்கிறார். திரையில் இருந்த பொத்தான் Pay. அதற்குப் பக்கத்தில் Decline. அவர் Pay-ஐ அழுத்துகிறார். எவருக்கு, எவ்வளவு என்று எழுதி, ENTER UPI PIN என்று கேட்கும் பக்கம் வருகிறது. பின்னைப் போடுகிறார். 3,200 ரூபாய் அவர் கணக்கிலிருந்து போய்விடுகிறது. “ஐயோ, மாறிப் போச்சு மேடம், திருப்பி அனுப்புறேன், இன்னொரு ரிக்வெஸ்ட் வரும் பாருங்க” என்கிறது அந்தக் குரல். பதற்றத்தில் இரண்டாவதற்கும் பின் போட்டு, இன்னொரு 3,200 ரூபாயும் போகிறது. 6,400 ரூபாய்க்கு ஆர்டர் எடுத்தவர், அதே 6,400 ரூபாயைக் கையிலிருந்து இழந்தார்.

இந்த அறிவிப்பைத்தான் கலெக்ட் ரிக்வெஸ்ட் என்கிறார்கள். ‘உன் கணக்கிலிருந்து எனக்கு இவ்வளவு கொடு’ என்று ஒருவர் உங்களிடம் நீட்டும் கோரிக்கை அது. இதைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை. திரையில் Pay என்ற சொல் இருக்கிறதா, பின் கேட்கிறதா என்று இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது. அறிவிப்போடு ‘refund’, ‘advance received’ என்று குறிப்பு எழுதி அனுப்புவார்கள். அந்தக் குறிப்பு அனுப்புபவர் தன் இஷ்டத்துக்குத் தட்டச்சு செய்வது. வங்கி எழுதுவது இல்லை. அதைப் படித்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு மாற்றம் அதன்பின் நடந்திருக்கிறது. யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ, ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குக் கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொல்லிவிட்டது. இந்த மோசடியே அதற்குக் காரணம். அதனால் இனி இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பி அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். மூடப்பட்டது ஒரு கதவு மட்டும்தான். உங்களைப் பின் போட வைக்க வேறு கதவுகள் திறந்தே இருக்கின்றன.

ஒன்று, க்யூஆர் கோடு. “இதை ஸ்கேன் பண்ணுங்க, முன்பணம் வந்துடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். ஸ்கேன் செய்பவர்தான் பணம் கொடுப்பவர். கடைக்குப் போய் நீங்கள் ஸ்கேன் செய்யும்போது யார் கணக்கில் கழிகிறது என்று நினைத்துப் பாருங்கள். வாங்குபவர் அனுப்பும் கோடை விற்பவர் ஸ்கேன் செய்ய ஒரு காரணமும் இல்லை. இரண்டாவது, லிங்க். அதைத் தொட்டால் உங்கள் செயலி திறந்து, தொகையும் பெயரும் நிரம்பியபடி பின் பக்கத்துக்குப் போய் நிற்கும். மூன்றாவது, ஆட்டோபே அனுமதி. மாதாமாதம் தானாகக் கழித்துக்கொள்ளச் சம்மதம் கேட்கும் அறிவிப்பு அது. முதலில் சம்மதிக்க ஒருமுறைதான் பின் கேட்கும். அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான ஒவ்வொரு தவணையும் பின் இல்லாமலே கழியலாம். இவை தவிர, வணிகக் கணக்கிலிருந்து வரும் கோரிக்கை என்ற வழியும் முழுவதும் அடைபட்டுவிடவில்லை. ஏதோ ஒரு கடையின் பெயரில் அது வரக்கூடும். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். வடிவம் எதுவானாலும் கடைசியில் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் அதே பின் பக்கம்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

இதையொட்டி உங்களில் பலருக்கு ஒரு பயமும் இருக்கிறது. கணக்கில் சின்னத் தொகை வந்ததும் இருப்பைப் பார்க்கப் பின் போட்டால், காத்திருக்கும் கோரிக்கைக்கு அந்தப் பின் போய்ச் சேர்ந்து பணம் கழிந்துவிடும் என்று ஓர் எச்சரிக்கை தமிழ்நாட்டில் பரவியது. அதன்பின் என்பிசிஐ விளக்கம் தந்தது. செயலியைத் திறப்பதாலோ இருப்பைப் பார்ப்பதாலோ எந்தக் கோரிக்கையும் நிறைவேறாது. அந்தக் கோரிக்கைக்குள் நீங்களே போய், பணம் கொடுக்கத் தேர்ந்தெடுத்து, அதற்கென்று பின் போட்டால்தான் பணம் போகும். ஆகவே உங்கள் சொந்தக் கணக்கைப் பார்க்கப் பயப்படாதீர்கள். அந்தப் பயம்தான் உங்களை மறுபடி அடுத்தவர் அனுப்பும் படத்திடம் கொண்டுபோய் விடுகிறது.

இனி அந்தப் படத்தைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் ஒவ்வொருவரின் வாட்ஸ்அப் குழுவிலும் நான் பார்க்கும் வரி இது: “பேமெண்ட் போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க.” நீங்களே கேட்கிறீர்கள். வாங்குபவர் அனுப்புகிறார். பச்சை நிற டிக், உங்கள் பெயர், தொகை, நேரம் எல்லாம் இருக்கிறது. உடனே பொட்டலம் கட்டுகிறீர்கள். நூறு பேர் நேர்மையாக அனுப்புவதால், படம் வந்தால் பணம் வந்த மாதிரிதான் என்று கை பழகிவிடுகிறது. நூற்றியோராவது ஆளுக்கு அந்தப் பழக்கம் மட்டும் போதும். ஐந்நூறு ரூபாய்த் தாளைப் படம் எடுத்து ஒருவர் நீட்டினால் சரக்கைக் கொடுப்பீர்களா? ஸ்கிரீன்ஷாட் அந்தப் படத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கே முன்பு நிஜமாகப் பணம் போட்டவர், அந்தப் பழைய படத்தில் தேதியையும் தொகையையும் மாற்றி மறுபடி அனுப்பலாம். ஒரு ரூபாயை நிஜமாக அனுப்பிவிட்டு அந்தப் படத்தில் தொகையை மட்டும் திருத்தலாம். உங்கள் பெயரையும் எண்ணையும் தொகையையும் தட்டச்சு செய்தால், அச்சு அசலாகப் பணம் போன திரையைக் காட்டும் போலிச் செயலிகளும் உண்டு. டிக் சுழல்வதும், அதே மணி ஓசை கேட்பதும் அதில் இருக்கும். வீட்டு வாசலுக்கே வந்து கண் முன்னால் பின் போடுவது போல நடித்துக் காட்டுபவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, “என் கண் முன்னாலதான் போட்டாங்க” என்பதும் சாட்சி ஆகாது.

எழுத்து வடிவம் மாறியிருக்கிறதா, தொகையில் காற்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா, பரிவர்த்தனை எண்ணில் பன்னிரண்டு இலக்கம் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சிலர் சொல்லித் தருகிறார்கள். நான் அதை உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. ஒழுங்காகத் தயாரித்த போலிப் படத்தில் இவை எல்லாம் சரியாகவே இருக்கும். அந்தப் பரிசோதனையில் படம் தேறிவிட்டால், உங்கள் சந்தேகமும் தீர்ந்துபோய் இன்னும் உறுதியாக ஏமாறுவீர்கள். மேலும், படம் உண்மையாகவே இருந்தாலும் பணம் உங்களுக்கு வந்ததாகாது. பரிவர்த்தனை இன்னும் நடந்துகொண்டிருக்கும் நிலையில் எடுத்த படமாக இருக்கலாம். உங்கள் பெயரையே கொண்ட வேறொருவருக்குப் போட்டதாகவும் இருக்கலாம்.

இன்னொரு தோழிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2,850 ரூபாய் சேலை. படம் வந்தது. அடுத்த நிமிடமே, “அக்கா, பைக் புக் பண்ணிட்டேன், பையன் உங்க வாசல்ல நிக்கிறான், அவனுக்கு வெயிட்டிங் சார்ஜ் ஏறுது” என்று அழைப்பு. வாசலில் நிஜமாகவே ஒரு பையன். அவனுக்கும் இந்த மோசடிக்கும் சம்பந்தமில்லை. எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள், வந்திருக்கிறான். வெயிலில் நிற்கும் பையனைக் காக்க வைக்க மனம் வராமல் தோழி சேலையைக் கொடுத்தார். சாயங்காலம் கணக்கைப் பார்த்தபோது பணம் இல்லை. வாங்கியவர் வாட்ஸ்அப்பில் தோழியின் எண்ணை முடக்கியிருந்தார். இந்த அவசரம் தற்செயலாக வந்ததில்லை. நீங்கள் கணக்கைத் திறந்து பார்க்கத் தேவைப்படும் இரண்டு நிமிடத்தை உங்களிடமிருந்து பறிக்கத்தான் அந்தப் பைக் வந்தது.

அப்படியானால் பணம் வந்ததை எங்கே பார்ப்பது? உங்கள் போனில், நீங்களே திறந்த செயலியில், பரிவர்த்தனைப் பட்டியலில். அந்தப் பட்டியலைப் பார்க்க யுபிஐ பின் தேவையில்லை. இருப்புத் தொகையைப் பார்ப்பதைவிட இது நல்லது. ஒரு நாளில் பலர் பணம் போடும்போது மொத்த இருப்பிலிருந்து யார் போட்டார், யார் போடவில்லை என்று பிரிக்க முடியாது. 2025 ஆகஸ்ட் முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்பைப் பார்க்கவும் முடியாது. பண்டிகை நேரத்தில் அந்த எண்ணிக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்தச் செயலியின் க்யூஆர் கோடைக் கொடுத்தீர்களோ அதே செயலியில் பாருங்கள். இரண்டு மூன்று செயலி வைத்திருப்பவர்களுக்கு ஒன்றில் வந்தது மற்றொன்றில் தெரியாமல் போகலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் வங்கியின் சொந்தச் செயலியில் கணக்குப் பட்டியலைப் பாருங்கள். அதற்கு மேல் சாட்சி இல்லை.

குறுஞ்செய்தியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சிறு தொகைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதைச் சில வங்கிகள் விட்டுவிட்டன. ஆகவே செய்தி வராததால் பணம் வரவில்லை என்று ஆகாது. செய்தி வந்ததால் பணம் வந்துவிட்டது என்றும் ஆகாது. வங்கி அனுப்புவது போலவே எழுதி, சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்புகிறார்கள். வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன பெயரிலிருந்து வரும்; பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது.

இந்தப் போலிக் குறுஞ்செய்தியை வைத்து நடக்கும் மோசடி, இரக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடிக்கிறது. ஊறுகாய்க்கு 850 ரூபாய் போட வேண்டியவர், 8,500 ரூபாய் வரவு என்று ஒரு செய்தி வரச் செய்கிறார். பின்னாலேயே அழுகுரல்: “அக்கா, ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, அந்தக் காசுதான். 7,650 ரூபாயைத் திருப்பிப் போடுங்கக்கா.” நீங்கள் போட்டுவிடுகிறீர்கள். 8,500 வரவே இல்லை. உங்கள் பணம் 7,650 போய்விட்டது. சரி, பட்டியலில் பார்க்கிறீர்கள், 8,500 நிஜமாகவே வந்திருக்கிறது என்றால்? அப்போதும் அவர் சொல்லும் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அது வேறொருவரிடமிருந்து திருடிய பணமாக இருந்து, புகார் வந்தால் உங்கள் கணக்கைத்தான் முடக்குவார்கள். “உங்க பேங்க்ல தவறுதலா போயிடுச்சுன்னு எழுதிக் கொடுங்க, அவங்க கேட்டா நான் சம்மதிக்கிறேன்” என்று சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள். பணம் உண்மையாகவே தவறி வந்தவருக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை.

“எனக்குப் பணம் கழிஞ்சிடுச்சு, உங்களுக்கு வரலைன்னா நான் என்ன பண்றது?” என்று வாங்குபவர் குரல் உயர்த்தும்போது நீங்கள் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரை அவமதித்துவிட்டோமோ என்று கூசிப்போகிறீர்கள். அந்தக் கூச்சத்துக்கு அவசியமே இல்லை. ரிசர்வ் வங்கி 2019-இல் கொண்டுவந்த விதிப்படி, அனுப்பியவர் கணக்கில் கழிந்து பெறுபவருக்குச் சேராத பணம் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். வணிகக் கணக்குக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாளுக்குள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஆகவே அவர் உண்மை சொல்பவராக இருந்தால் அவர் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. நீங்கள் சரக்கை அனுப்பிவிட்டால் உங்களுக்குத்தான் ஒரு பாதுகாப்பும் இல்லை. “உங்க காசு எங்கேயும் போகாதுங்க, ஒண்ணு எனக்கு வந்து சேரும், இல்லைன்னா உங்களுக்கே திரும்பிடும். வந்ததும் அந்த நிமிஷமே பார்சல் போடுறேன்” என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் ஸ்கிரீன்ஷாட்டை நம்புவதற்கு வெகுளித்தனம் காரணம் இல்லை. பணம் போய்ச் சேரும் கணக்கு உங்களுடையதாக இல்லை என்பதே காரணம். க்யூஆர் கோடு கணவர் பெயரில் இருக்கிறது. அல்லது வெளியூரில் படிக்கும் மகனின் எண் ஓடுகிறது. உழைப்பு உங்களுடையது, பட்டியல் அவர்கள் போனில். பணம் வந்ததா என்று கேட்க, வேலையில் இருக்கும் மனிதரை ஒரு நாளைக்குப் பத்து முறை அழைக்க முடியாது. அதனால்தான் வாங்குபவரிடம் படம் கேட்கிறீர்கள். இது மோசடிக்காரர் உண்டாக்கிய ஓட்டை இல்லை. வீட்டுக்குள் இருக்கும் ஓட்டை. இதை அடைப்பது கடினமும் இல்லை. மகளிர் உரிமைத் தொகை வாங்கும் பெரும்பாலோருக்கும் தங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது. கிளைக்குப் போய் அந்தக் கணக்கில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்யுங்கள். அந்த சிம் இருக்கும் போனில் யுபிஐ தொடங்கிக்கொள்ளலாம். டெபிட் கார்டு இல்லாதவர்கள் ஆதார் வழியாகவும் பின் அமைத்துக்கொள்ள வங்கிகள் அனுமதிக்கின்றன. அதன்பின் வரவு எல்லாம் உங்கள் கையிலிருக்கும் திரையிலேயே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் சிக்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கப்பட்டு இரவு முழுவதும் யோசிக்காதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். போன தொகை, நேரம், உங்கள் பட்டியலில் அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே உள்ள பன்னிரண்டு இலக்க எண் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும்; அது எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அங்கே நிறுத்திவைக்கச் சொல்வதுதான் அந்த அழைப்பின் பயன். நேரம் போகப் போக மிச்சம் குறையும். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியில், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை அவரையே சேரும் என்று இருக்கிறது. சொன்ன பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். நீங்களே பின் போட்டுப் போன பணத்தை வங்கி தானாகத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் போகும் முன்பே தடுப்பதைப் பற்றி இத்தனை நேரம் பேசினேன்.

இப்போது நான் உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் குழுவின் விளக்கத்திலும், ஸ்டேட்டஸிலும், விலைப் படங்களுக்கு அடியிலும் இருக்கும் ‘ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்’ என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: “பணம் போட்டபின் உங்கள் பெயரையும், பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் அனுப்புங்கள். எங்கள் கணக்கில் வரவு பார்த்த பிறகே பொருள் அனுப்பப்படும். க்யூஆர் ஸ்கேன், லிங்க், ரிக்வெஸ்ட் எதையும் ஏற்க மாட்டோம்.” அந்தப் பன்னிரண்டு இலக்க எண் அனுப்பியவர் பக்கத்திலும் உங்கள் பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கும். கடைசி நான்கைக் கேட்டு வாங்கினால், அது சரியா என்று பார்க்கவாவது உங்கள் சொந்தப் பட்டியலைத் திறந்தே ஆக வேண்டும். படம் கேட்கும்போது நீங்கள் அவர் திரையைப் பார்க்கிறீர்கள். எண் கேட்கும்போது உங்கள் திரையைப் பார்க்கிறீர்கள். நேர்மையான வாடிக்கையாளருக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்றும் இல்லை.

இதை ஒருவர் மட்டும் செய்தால், “மத்தவங்க எல்லாம் ஸ்கிரீன்ஷாட் போதும்னு சொல்றாங்களே” என்று வாங்குபவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அதனால்தான் தனித்தனியாகச் சொல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரே தெருவில், ஒரே சுய உதவிக் குழுவில், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் அந்த வரியை மாற்றுங்கள். யாராவது ஏமாந்தால், ஏமாற்றியவர் எப்படிப் பேசினார், எந்த அவசரத்தைக் காட்டினார் என்று மற்றவர்களுக்கு அன்றே சொல்லுங்கள். அதே ஆள் அதே பேச்சோடு அடுத்து அழைக்கப்போவது உங்கள் குழுவில் இன்னொருவரைத்தான். அடுத்த மாதம் நான் உங்கள் நோட்டைத் திறக்கும்போது, எழுதிய ஒவ்வொரு விற்பனைக்கும் எதிரே கணக்கில் ஒரு வரவு இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்குகளை எழுதும் தோழி